மூன்று வருஷத்தில் மூன்று வரி: ஒரு நெல் ட்ரையரின் கணக்கு

குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும் ஊர் நம்முடையது. மன்னார்குடிப் பக்கம் புழுங்கல் அரிசி மில் வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசியில் களம் இருந்தும் பயனில்லை. அவித்த நெல்லைக் கொட்டிப் பரப்புவதற்குள் வானம் கறுத்துவிடும். தார்ப்பாயைப் போட்டு மூடி, வெயில் வந்ததும் மறுபடி பரப்பிக் காய வைப்பதற்குள் நெல் மணத்துவிடும், அரிசி பழுப்பேறும், குருணையும் கூடிவிடும். அதனால்தான் 2017-ல் எங்கள் ஆபீசில் கணக்குப் பார்க்கும் ஒரு மில்லின் முதலாளி ட்ரையர் போட முடிவெடுத்தார். அந்த ட்ரையரின் கணக்கைத்தான் இங்கே பிரித்துக் காட்டப் போகிறேன். புரிய வேண்டும் என்பதற்காக எண்களை மட்டும் முழுசாக்கியிருக்கிறேன்.

ட்ரையர் நிறுவி முடிக்க ஒரு கோடி ரூபாய். களத்து ஆள் கூலி, மழையில் மில் நின்றுபோகும் நாட்கள், குருணையில் போகும் இழப்பு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 35 லட்சம் மிச்சமாகும் என்று கணித்தோம். ஐந்து வருஷத்தை வைத்துப் பார்ப்பது, முதலீட்டுக்கு 12 சதவீத வருமானமாவது எதிர்பார்ப்பது என்பது திட்டம். மில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. விற்றுமுதல் 80 கோடி அளவில் இருந்தது, வரிக்குரிய வருமானம் இரண்டு கோடியை ஒட்டி வரும்.

2017 மே மாதம் நான் போட்ட கணக்கில் வரி 33.063 சதவீதம். அடிப்படை வரி 30. வருமானம் ஒரு கோடியைத் தாண்டியதால் அந்த 30-ன் மேல் 7 சதவீதம் சர்சார்ஜ், இரண்டும் சேர்ந்ததன் மேல் 3 சதவீதம் செஸ். பெருக்கிப் பார்த்தால் 33.063 வரும். ஐந்து வருஷத்துக்கும் இதே விகிதம்தான் என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதை எடுப்பது? நாளைக்கு வரும் பட்ஜெட்டை யாரும் முன்கூட்டிப் பார்க்க முடியாதே.

அடுத்து தேய்மானம். வருமான வரிச் சட்டப்படி எந்திரத்துக்கு வருஷத்துக்கு 15 சதவீதம், அதுவும் மிச்சமிருக்கும் மதிப்பின் மேல். உற்பத்தி செய்யும் கம்பெனி புது எந்திரம் வாங்கினால் முதல் வருஷம் மட்டும் கூடுதலாக 20 சதவீதம் எடுக்கலாம். ஆக முதல் வருஷம் 35 லட்சம், அப்புறம் 9.75, 8.29, 7.04, 5.99 என்று இறங்கும். முதல் வருஷம் மிச்சமும் 35, தேய்மானமும் 35. அந்த வருஷம் ட்ரையரால் வரி ஒரு பைசா கூடவில்லை.

இரண்டாம் வருஷத்திலிருந்து வரி தொடங்கும். 35-ல் 9.75 போக 25.25 லட்சம், அதற்கு 33.063 சதவீதம் என்றால் 8.35 லட்சம். கையில் நிற்பது 26.65 லட்சம். இப்படியே ஐந்து வருஷத்தையும் போட்டு, கடக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒருமுறை 1.12-ஆல் வகுத்து, 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தபோது 101.91 லட்சம் வந்தது. போட்ட 100 லட்சம் போக நிகர மதிப்பு 1.91 லட்சம். தேறியது, ஆனால் நூலிழையில்.

பிறகு நடந்ததுதான் கதை. 2018 பட்ஜெட், 2016-17-ல் விற்றுமுதல் 250 கோடிக்கு உட்பட்ட கம்பெனிகளுக்கு 2018-19 வருஷ வருமானத்தின் மேல் அடிப்படை வரியை 25 ஆக்கியது. அதற்கு முந்தைய வருஷத்தில் 25 சதவீதம் என்பது 50 கோடிக்குள் இருந்தவர்களுக்கு மட்டும். 80 கோடி மில் அப்போது வெளியே நின்றது, இப்போது உள்ளே வந்துவிட்டது. செஸ் மட்டும் 3-லிருந்து 4 ஆனது. 25-ன் மேல் 7, அதன் மேல் 4 என்றால் 27.82 சதவீதம்.

அடுத்த அடி 2019 செப்டம்பர் 20 அன்று. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கோவாவில் அறிவித்தார். அவசரச் சட்டமும் வந்தது. சில சலுகைகளை விட்டுக்கொடுக்கும் உள்நாட்டுக் கம்பெனிக்கு அடிப்படை வரி 22, சர்சார்ஜ் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் 10, செஸ் 4. மொத்தம் 25.168 சதவீதம். 1961 வருமான வரிச் சட்டத்தில் இது 115பிஏஏ பிரிவு. அறிவிப்பு வந்தது செப்டம்பரில் என்றாலும் அது 2019 ஏப்ரல் 1-லிருந்தே அந்த நிதியாண்டு முழுவதுக்கும் பொருந்தும். அட்வான்ஸ் டாக்ஸின் இரண்டாம் தவணைக்கான கெடு செப்டம்பர் 15. பழைய விகிதத்தில் கட்டி முடித்த சூட்டோடு இந்த அறிவிப்பு வந்தது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. டிசம்பர் தவணையில் அந்த அதிகத்தைக் கழித்துக்கொண்டு கட்டினோம். திட்டக் கணக்கில் வருஷத்தை இரண்டாகப் பிளந்து, பாதிக்கு ஒரு விகிதம், மீதிக்கு ஒரு விகிதம் என்று போட வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். விகிதம் நிதியாண்டோடு ஒட்டியது, அறிவித்த தேதியோடு அல்ல.

அன்று சாயங்காலமே முதலாளி போன் பண்ணினார். “என்ன தம்பி, டிவியில ஏதோ சொல்றானே, நம்ம ட்ரையர் கணக்கு இப்ப எங்க நிக்குது?”

“பாத்துச் சொல்றேங்க ஐயா” என்றேன். அவசரத்தில் பழைய எக்செல் ஃபைலைத் திறந்து, வரி விகிதம் இருந்த ஒரே ஒரு கட்டத்தில் 33.063%-ஐ அழித்துவிட்டு 25.168% என்று அடித்தேன். நிகர மதிப்பு 7.70 லட்சம் என்று காட்டியது. அவரிடம் அதையே சொல்லியும் விட்டேன்.

தப்பு. எப்படித் தெரிந்தது என்றால், மறுநாள் அதே ஃபைலில் இரண்டாம் வருஷ வரி 6.35 லட்சம் என்று நின்றது. 2018-19 என்பது ஏற்கெனவே முடிந்துபோன வருஷம், 27.82-ல் வரி கட்டியாயிற்று. ட்ரையரின் பங்கு 7.02 லட்சம். கட்டி முடித்த வரியை என் ஃபைல் திருத்தி எழுதிவிட்டது! விகிதம் ஒரே கட்டத்தில் இருந்தால் இதுதான் நடக்கும். என் பழைய சூத்திரம் இப்படி இருந்தது:

```
=C5-(C5-C6)*$B$1
```

ஐந்தாம் வரிசையில் மிச்சம், ஆறாம் வரிசையில் தேய்மானம். அந்த டாலர் குறி போட்ட கட்டம்தான் வில்லன். நான்காம் வரிசையை வரி விகிதத்துக்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு வருஷத்துக்கும் அதனதன் விகிதத்தை % குறியோடு அடித்த பிறகு சூத்திரம் இப்படியானது:

```
=C5-(C5-C6)*C4
```

வேலை இவ்வளவுதான். இப்படி மாற்றியபின் வந்த கணக்கு கீழே, எல்லாம் லட்சத்தில்:

| நிதியாண்டு | வரி விகிதம் % | மிச்சம் | தேய்மானம் | வரி | கையில் நிற்பது |
|---|---|---|---|---|---|
| 2017-18 | 33.063 | 35 | 35.00 | 0 | 35.00 |
| 2018-19 | 27.82 | 35 | 9.75 | 7.02 | 27.98 |
| 2019-20 | 25.168 | 35 | 8.29 | 6.72 | 28.28 |
| 2020-21 | 25.168 | 35 | 7.04 | 7.04 | 27.96 |
| 2021-22 | 25.168 | 35 | 5.99 | 7.30 | 27.70 |

12 சதவீதத்தில் இன்றைய மதிப்பு 107.17 லட்சம், நிகரமாக 7.17 லட்சம். போனில் சொன்னதைவிட 53 ஆயிரம் குறைவு. இதே ஃபைலை பாங்குக்குக் கொடுத்திருந்தால், அங்கே இருப்பவர் ரிட்டர்னை எடுத்து வைத்து ஒத்துப் பார்த்திருப்பார். முடிந்த வருஷங்களின் வரி, தாக்கல் செய்த ரிட்டர்னோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் இந்தக் கணக்குக்கு முதல் சோதனை.

இன்னொரு சறுக்கலும் உண்டு, அனுபவப்பட்டவர்களே விழும் இடம். நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம். 22 சதவீதம் “2020-21 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து” என்றுதான் சட்டத்தில் இருந்தது. அது 2019-20-ல் சம்பாதித்த வருமானம். 2020-21 என்ற தலைப்பைப் பார்த்ததும் நான்காம் வருஷத்துக் கட்டத்தில் அடித்துவிட்டால், மூன்றாம் வருஷம் 27.82-லேயே நின்றுவிடும். வரி 6.72-க்குப் பதில் 7.43 லட்சம் வரும். 71 ஆயிரம் பிசகும், பார்த்தால் தெரியவும் தெரியாது.

சரி, வரி குறைந்தால் எல்லாம் லாபம்தானே என்று கேட்டால், முழுக்க இல்லை. தேய்மானம் என்பது வரியைத் தடுக்கும் குடை. வரி குறைந்தால் குடை தடுக்கும் மழையும் குறைகிறது. முதல் வருஷம் எடுத்த 35 லட்சம் தேய்மானம் 33.063-ல் 11.57 லட்சம் வரியைத் தடுத்தது. அதே தேய்மானத்தை 25.168 வருஷத்தில் எடுத்திருந்தால் 8.81 லட்சம்தான். அந்த 20 சதவீதக் கூடுதல் தேய்மானம் விகிதம் உச்சத்தில் இருந்த வருஷத்தில் வந்து விழுந்தது நம் அதிர்ஷ்டம், திறமை அல்ல. இரண்டு வருஷம் கழித்து 2019 ஏப்ரலில் ட்ரையரின் தேய்மானம் போக மிச்ச மதிப்பு 55.25 லட்சம் நின்றது. அந்த மொத்தமும் இனி 27.82-க்குப் பதில் 25.168-ல்தான் வரியைத் தடுக்கும். வித்தியாசம் 2.652 சதவீதம், காலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 1.47 லட்சம். மேலே உள்ள அட்டவணை இதை ஏற்கெனவே உள்ளடக்கியதுதான், தனியாகக் கழிக்கக் கூடாது.

நம் மில்லுக்கு வேறு வருமானம் இருந்தது. அது இல்லாத புதுக் கம்பெனியாக இருந்து, முதல் வருஷம் நஷ்டம் வந்து, அதை அடுத்தடுத்த வருஷங்களுக்குக் கொண்டு போயிருந்தால் அடி இன்னும் பலமாக விழும். 33 சதவீத வருஷத்தில் உண்டான 100 ரூபாய் நஷ்டம் 25 சதவீத வருஷத்தில் கழியும்போது 25 ரூபாய் வரியைத்தான் மிச்சமாக்கும். அதனால் நஷ்டத்தின் மதிப்பை எந்த வருஷத்தில் உண்டானது என்று பார்த்துப் போடாமல், எந்த வருஷத்தில் கழிகிறது என்று பார்த்துப் போட வேண்டும்.

12 சதவீதம் என்ற எதிர்பார்ப்பு விகிதத்தையும் தொட்டாக வேண்டும். அது வானத்திலிருந்து குதித்ததல்ல. பாதி பாங்கு கடன், 11 சதவீத வட்டியில். மீதி முதலாளியின் சொந்தப் பணம், அதற்கு 16.6 சதவீதம் எதிர்பார்ப்பு. வட்டிக்கு வரி மிச்சம் உண்டு என்பதால், 33.063 வரியில் 11 சதவீதக் கடனின் உண்மைச் செலவு 7.36. சொந்தப் பணத்தோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் 11.98, அதாவது 12. வரி 25.168 ஆனதும் அதே கடனின் செலவு 8.23 ஆகிவிடுகிறது, சராசரி 12.4. பாங்கு வட்டியை ஒரு பைசா ஏற்றவில்லை, ஆனாலும் கடன் விலை கூடியது. மூன்றாம் வருஷத்திலிருந்து 12.4 என்று போட்டால் நிகர மதிப்பு 7.17-லிருந்து 6.80 லட்சமாக இறங்குகிறது. இப்படிப் போடும்போது மூன்றாம் வருஷக் காரணியை 1.124-ன் மூன்றாம் அடுக்காக எடுக்கக் கூடாது. 1.12, 1.12, 1.124 என்று மூன்றையும் பெருக்கித்தான் வகுக்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் 12-ல் ஓடி முடிந்தவை அல்லவா?

கம்பெனியின் ஆண்டுக் கணக்கில் ஒத்திவைத்த வரி என்று ஓர் இனம் இருக்கும். விகிதம் மாறிய வருஷம் அதையும் புது விகிதத்தில் திருப்பிக் கணக்கிட்டு, லாபத்தில் ஒரு தொகை ஏறும் அல்லது இறங்கும். அது ஏட்டு விஷயம். பணம் கைமாறுவதில்லை, இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி கஷ்டமான பகுதி. 22 சதவீதம் தானாக வருவதல்ல, கம்பெனி கேட்டு வாங்க வேண்டியது. கேட்டால் கூடுதல் தேய்மானம் கிடையாது. பழைய குறைந்தபட்ச மாற்று வரிக் கணக்கில் வரவு நின்றிருந்தால் அன்றைய விதிப்படி அதுவும் போய்விடும். ஒருமுறை உள்ளே வந்தால் திரும்ப முடியாது. கம்பெனி முழுக்க ஒரே முறைதான், ட்ரையருக்கு ஒன்று, உமி பாய்லருக்கு ஒன்று என்று பிரிக்க வழியில்லை. அதனால் விகிதத்தைத் திட்டத்துக்குள் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. முழுக் கம்பெனியின் வரியையும் இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்து, எது நிலைக்கிறதோ அதைக் கொண்டுவந்து திட்டத்தின் நான்காம் வரிசையில் அடிக்க வேண்டும். (வருமானம் ஒரு கோடிக்குள் இருக்கும் சிறிய மில்லுக்குப் பழைய முறையில் சர்சார்ஜே இல்லை, வரி 26 சதவீதம்தான். 25.168-க்கு மாறினால் ஒரு சதவீதம்கூட மிச்சமாகாது. தஞ்சாவூர்ப் பக்கம் எல்லோரும் அந்த வாரம் கொண்டாடியது கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குப் பட்டது.)

நம் முதலாளிக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இல்லை. ஏனென்றால் அதே 2019-ல் இரண்டாவது ட்ரையருக்கு ஆர்டர் கொடுத்திருந்தார், அதுவும் ஒரு கோடி. இந்த ட்ரையரின் தேய்மானத்துக்கு முன் கம்பெனியின் வருமானம் 215 லட்சம் என்று வைத்துக்கொண்டோம். பழைய முறையில் நின்றால் 35 லட்சம் தேய்மானம், 180 லட்சத்துக்கு 27.82-ல் வரி 50.08 லட்சம். புது முறையில் 15 லட்சம்தான் தேய்மானம், 200 லட்சத்துக்கு 25.168-ல் வரி 50.34 லட்சம். பழைய முறையில் 26 ஆயிரம் மிச்சம். ஆனால் அடுத்த வருஷமும் பழைய முறையிலேயே நின்றால் வரி 57.10 லட்சம், புது முறையில் 50.90 லட்சம். ஆறு லட்சத்துக்கு மேல் பள்ளம்.

அதற்கு ஒரு வழி இருந்தது. 2019-20-ல் பழைய முறையில் நின்று கூடுதல் தேய்மானத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த வருஷம் மாறிக்கொள்ளலாம். எந்த வருஷம் நுழைவது என்பது கம்பெனியின் விருப்பம், வெளியேறுவதற்குத்தான் தடை. அப்படிச் செய்தால் முதல் ட்ரையரின் மூன்றாம் வருஷமும் 27.82-க்குத் திரும்பிப் போகும். 215 லட்சத்துக்குள் அதன் மிச்சமும் அடக்கம் என்பதால் அந்த 26 ஆயிரத்தில் இதுவும் சேர்ந்துதான் இருக்கிறது.

“இருபத்தாறாயிரத்துக்காக இவ்வளவு சுத்தணுமா?” என்றார் முதலாளி.

“சுத்த வேணாம் ஐயா. ஆனா ட்ரையர் எந்தத் தேதியில ஓட ஆரம்பிக்குதுன்னு சொல்லுங்க.”

எந்திரம் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் தேய்மானம் பாதிதான். 2020 லீப் வருஷம் என்பதால் அக்டோபர் 4 வரை நேரம் இருந்தது. செப்டம்பர் கடைசியில் லாரி வந்து இறங்கியது. அடித்தளக் குழியில் மழைத் தண்ணீர் நின்றது. இறைத்து, கான்கிரீட் போட்டு, காய்ந்து, முதல் நெல் உள்ளே போனபோது அக்டோபர் 22. மார்ச் 31 வரை எண்ணினால் 162 நாள்.

மறுபடி போட்டோம். பழைய முறையில் தேய்மானம் 7.5-ம் கூடுதல் 10-ம் சேர்ந்து 17.5 லட்சம், வரி 54.94 லட்சம். புது முறையில் தேய்மானம் 7.5 மட்டும், வரி 52.22 லட்சம். 2.72 லட்சம் வித்தியாசத்தில் புது முறை ஜெயித்தது. விட்டுப்போன மீதிக் கூடுதல் 10 லட்சத்தை அடுத்த வருஷம் எடுக்கலாம் என்பது பழைய முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புது முறைக்குப் போனால் அது கை நழுவும். அந்த 10 லட்சத்துக்கு 27.82-ல் 2.78 லட்சம் வரி மிச்சம் என்றாலும், அதற்காக இன்னொரு வருஷம் பழைய முறையில் உட்கார்ந்தால் கம்பெனியின் மற்ற வருமானம் முழுக்க 2.652 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இரண்டு கோடிக்கு அதுவே 5.30 லட்சம்.

2019-20-க்கே 115பிஏஏ எடுத்தோம். அட்டவணையின் மூன்றாம் வருஷம் 25.168 என்றே நின்றது.